நோயாளி தானே தேர்ந்தெடுத்த இலக்கை ஓ.பி. நோட்டில் எப்படி எழுதுகிறீர்கள்?

கரிசல்காடு

வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய் ஓ.பி. பார்க்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை, பிரஷருக்காக மறுபடி மறுபடி வருகிறவர்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம்.

அவர்கள் கொண்டுவரும் நோட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரிதான்: “உணவு, உடற்பயிற்சி ஆலோசனை வழங்கப்பட்டது.” போன தடவை என்ன பேசினோம், அவர் எதற்குச் சம்மதித்தார், எதை முடியாது என்றார், எதுவும் அதில் இல்லை. மாத்திரை மட்டும் தெரிகிறது. அதனால் ஒவ்வொரு தடவையும் அதே அறிவுரையை முதலிலிருந்து சொல்கிறேன், அவரும் தலையாட்டிவிட்டுப் போகிறார்.

மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். பேசுகிற முறை ஓரளவு பிடிபட்டது. ஆனால் பேசி முடித்த பிறகு நோட்டில் என்ன எழுதுவது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. எங்கள் சீனியர், “டாக்டர் சொன்னதை மட்டும் எழுது. நோயாளியின் ஆசையை எல்லாம் எழுதினால் நாளைக்கு அதுவே உனக்கு எதிராக வரும்” என்கிறார். இங்கே இதைச் செய்கிறவர்கள் எப்படி எழுதுகிறீர்கள்?

தென்றல்75

நல்ல முயற்சி டாக்டர். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வராந்தாவில் டி.வி. இருக்கிறது, சும்மா சீரியல்தான் ஓடுகிறது. நல்ல தன்னம்பிக்கைப் பேச்சாளர்களின் வீடியோவைப் போட்டால் காத்திருக்கிற நேரத்தில் ஜனங்களுக்கு உற்சாகம் வருமே? வீட்டில் போய் அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

மாலை டூட்டி

அண்ணா, டாக்டர் கேட்பது வேறு. இதில் நாம் பேசி உற்சாகப்படுத்துவது கிடையாது. நோயாளியைப் பேச வைத்து, ஏன் மாற வேண்டும் என்பதை அவர் வாயிலிருந்தே வர வைக்கிற முறை இது. வீடியோ ஓடட்டும், தப்பில்லை. ஆனால் அது இந்த வேலையைச் செய்யாது.

ராஜபாட்டை

சர்க்கரை நோய் சிகிச்சையில் பல வருடமாக இருக்கிறேன், தனியார் கிளினிக். இதை ரொம்பச் சிக்கலாக்க வேண்டாம். இலக்கு என்றால் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஹெச்பிஏ1சி 7-க்குக் கீழ், எடை 3 மாதத்தில் 5 சதவீதம் குறைவு, தினம் 30 நிமிடம் நடை. இதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்புறம் 0 முதல் 10 வரை எவ்வளவு நம்பிக்கை என்று கேளுங்கள். 5 என்று சொன்னால், “ஏன் 10 இல்லை?” என்று கேட்டு அவர் சொல்கிற சாக்குகளை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். இதுதான் அந்த முறையின் சாரம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2005-ல் 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எடை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தத்தில் இந்த முறைக்குப் பலன் தெரிந்தது. ஹெச்பிஏ1சி-யில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. எனவே அளவோடு எதிர்பாருங்கள்.

பழைய ஸ்டெத்

ராஜபாட்டை சொன்ன தொகுப்பாய்வு உண்மைதான். அதை இங்கே எடுத்து வைத்ததும் நல்லது. இந்த முறை சர்க்கரைக்கான மருந்து இல்லை. இதை வைத்து மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. அதே தொகுப்பில் இன்னொரு செய்தியும் உண்டு: 15 நிமிடச் சந்திப்புகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் 64 சதவீதம் பலன் காட்டின. அதனால் நேரம் குறைவு என்பதற்காகக் கைவிட வேண்டியதில்லை.

ஆனால் அந்த 0–10 கேள்வியை அவர் தலைகீழாகச் சொல்கிறார். “ஏன் 10 இல்லை?” என்று கேட்டால் நோயாளி என்ன சொல்வார்? முடியாததற்கான காரணங்களைத்தான் அடுக்குவார். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல அவருக்கே அது உறுதியாகிவிடும். நாம் உடைக்க உடைக்க அவர் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். கேட்க வேண்டியது, “ஏன் 2 இல்லாமல் 5 சொன்னீர்கள்?” அதற்குப் பதில் சொல்ல அவர் தன் பக்கத்து பலத்தைத்தான் தேட வேண்டும். வில்லியம் மில்லர் 1983-ல் குடிநோய் சிகிச்சையை வைத்து இதை முதலில் எழுதியபோதே அடிப்படை இதுதான்: மாற்றத்துக்கான வாதத்தை டாக்டர் எடுத்தால் நோயாளி எதிர்வாதத்தை எடுத்துக்கொள்வார்.

ஹெச்பிஏ1சி 7 என்பதும் நோயாளியின் இலக்கு இல்லை. அது நம் இலக்கு. அதை எழுதுங்கள், ஆனால் சிகிச்சைத் திட்டம் என்ற இடத்தில் எழுதுங்கள். நாளைக் காலை எழுந்து ஒருவர் ஹெச்பிஏ1சி-யைச் செய்ய முடியாது. டீயில் சர்க்கரை போடாமல் இருக்க முடியும்.

ஒரு கேஸை முழுதாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

49 வயது அம்மா, இட்லிக் கடை வைத்திருக்கிறார். ஆறு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் 1000 மி.கி. இரண்டு வேளை, காலையில் கிளிமிபிரைடு 2 மி.கி. ஹெச்பிஏ1சி 8.4-லிருந்து 9.1 ஆகிவிட்டது. நோட்டில் மூன்று தடவை “நடைப்பயிற்சி செய்யவில்லை” என்று இருந்தது. பேச்சு ஏறக்குறைய இப்படிப் போனது.

“போன தடவைக்கு அப்புறம் எப்படிம்மா போகுது?”

“டீயை நிறுத்தச் சொன்னாங்க. நாலு மணிக்கு எழுந்து அடுப்பு முன்னாடி நிக்கிறவளுக்கு டீ இல்லாம எப்படிங்க?”

“அந்த நேரத்து டீதான் உங்களை நிக்க வைக்குது.”

இது கேள்வி இல்லை, கவனியுங்கள். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

“ஆமாங்க. ஆனா ராத்திரியில கால் எரிச்சல் தூங்க விடல. எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சு ரெண்டு விரலை எடுத்தாங்க.”

இந்த இடத்தில்தான் நம் நாக்கு துடிக்கும். “அதுக்குத்தானே சொல்றேன், டீயை நிறுத்துங்க, நடங்க” என்று பாயத் தோன்றும். பாய்ந்தால் அவர் மறுபடி நாலு மணி டீக்குத் திரும்பிவிடுவார். நான் சொன்னது: “அம்மாவுக்கு ஆனது உங்களுக்கு ஆகிடக் கூடாதுன்னு இருக்கு. கடையையும் விட முடியாது.”

“கடையில நிக்கணும்னாலே கால் வேணுமே சார்.”

அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்ட வரி இதுதான். மாற்றத்துக்கான காரணம் அவர் வாயிலிருந்து, அவர் வாழ்க்கையிலிருந்து வந்துவிட்டது. “உங்களால மாத்த முடியும்னு தோணுறது எது?” என்று கேட்டேன். நடையைப் பற்றி அவர் பேசவே இல்லை. “நாலு மணி டீ இருக்கட்டும். பத்து மணிக்கு மேல குடிக்கிற ரெண்டு டீயில சர்க்கரை இல்லாம பாக்குறேன்” என்றார். நம்பிக்கை பத்துக்கு ஆறு. ஏன் மூன்று இல்லை என்று கேட்டதற்கு, “விரதத்துக்கு அப்படிக் குடிச்சிருக்கேனே” என்றார். எது குறுக்கே வரும் என்று கேட்டேன். டீ போடுவது வீட்டுக்காரர், கைப்பழக்கத்தில் சர்க்கரையைப் போட்டுவிடுவார் என்றார். தனக்கு ஒரு தனி டம்ளர் வைத்துக்கொள்வதாக அவரே ஒரு வழியும் சொன்னார். இவ்வளவும் சேர்ந்து ஆறேழு நிமிடம் இருக்கும்.

நோட்டில் எழுதியதைத் தமிழில் தருகிறேன். வழக்கமாக ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன், நோயாளி சொன்ன வரியை மட்டும் தமிழில் அப்படியே எழுதுவேன்.

“நோயாளியின் காரணம்: ‘கடையில நிக்கணும்னாலே கால் வேணுமே.’ தாய்க்குக் கால்விரல் நீக்கம். அவர் தேர்ந்தெடுத்த இலக்கு: 10 மணிக்கு மேல் குடிக்கும் 2 டீ சர்க்கரை இல்லாமல், இன்று முதல். 4 மணி டீயில் மாற்றம் இல்லை, அவர் முடிவு. நம்பிக்கை 6/10, முன் அனுபவம் விரதம். தடை: கணவர் பழக்கத்தில் சர்க்கரை சேர்ப்பது. வழி: தனி டம்ளர், இன்று இரவு கணவரிடம் சொல்வார். நடை பற்றி இன்று பேசவில்லை. அடுத்த வருகையில் முதலில் டீயைப் பற்றிக் கேட்க வேண்டும்.”

அதற்குக் கீழே தனியாகச் சிகிச்சைத் திட்டம்: 10 கிராம் மோனோஃபிலமென்ட் வைத்துப் பாத உணர்வுப் பரிசோதனை, அதன் முடிவு, மூன்றாவது மருந்து பற்றிய பேச்சு.

ராஜபாட்டை

கேஸ் நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்குப் பாருங்கள் சார். இரண்டு டீயில் மொத்தம் நாலு ஸ்பூன் சர்க்கரை, 16 முதல் 20 கிராம். 80 கலோரிக்கு மேல் போகாது. 9.1 இருக்கிறவருக்கு இது எந்த மூலைக்கு? ஆறு மாதம் இந்த டம்ளர் கதையை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தால் அந்த அம்மாவின் நரம்பு காத்திருக்காது.

பழைய ஸ்டெத்

கணக்கு சரி, கவலையும் சரி. அதனால்தான் இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்கிறேன். இந்த முறையைச் செய்கிறவர்கள் உண்மையிலேயே சறுக்குகிற இடம் இது. நோயாளி ஏதோ ஒரு மாற்றத்துக்குச் சம்மதித்தார் என்ற திருப்தியில், “மூணு மாசம் பார்க்கலாம்” என்று மருந்தைக் கூட்டாமல் விடுவார்கள். இரண்டு மருந்தில் 9.1 என்றால் அன்றைக்கே மருந்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். நான் பேசினேன். “இன்னொரு மருந்தைப் பத்தி சொல்லட்டுமா?” என்று அனுமதி கேட்டு, ஊசியையும் மாத்திரையையும் பற்றி இரண்டு வரி சொல்லி, “இதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டேன். ஊசி இப்போது வேண்டாம், மாத்திரை சரி என்றார். அதையும் அப்படியே எழுதினேன்.

நாலு ஸ்பூன் சர்க்கரை எதற்கு என்றால், அவர் தானாக எடுத்த ஒரு முடிவை மறுபடி வந்து கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிவதற்கு.

சங்குப்பூ

நான் டாக்டர் இல்லை, நோயாளி. இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. ஊர் வேண்டாம், ஒரு ஆஸ்பத்திரியில் என் ஃபைலில் “நோயாளி ஒத்துழைப்பதில்லை” என்று எழுதிவிட்டார்கள். அந்த மாதங்களில் என் மாமியார் படுத்த படுக்கை. இரவு மாத்திரையை மறந்தேன், உண்மை. ஆனால் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் எந்த டாக்டரிடம் போனாலும் அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் இலக்கு, நம்பிக்கை எண் என்றெல்லாம் எழுதினால், நான் செய்யாமல் போகும்போது அதுவும் எனக்கு எதிரான சாட்சியாகத்தானே ஆகும்? இப்படி எழுத வேண்டாம் என்று நோயாளி சொல்ல முடியுமா?

கரிசல்காடு

அக்கா, நீங்கள் கேட்பதுதான் எனக்கும் உறுத்துகிறது. எங்கள் சீனியர் டாக்டருக்கு ஆபத்து என்கிறார், நீங்கள் நோயாளிக்கு ஆபத்து என்கிறீர்கள்.

பழைய ஸ்டெத்

சங்குப்பூ, சொல்ல முடியும், சொல்லுங்கள். “இதை எழுதிக்கொள்ளட்டுமா?” என்று கேட்க வேண்டியது எங்கள் கடமை. எழுதிய வரியை வாசித்தும் காட்ட வேண்டும். “ஒத்துழைப்பதில்லை” என்பது ஒரு தீர்ப்பு, அதில் தகவலே கிடையாது. “இரவு மாத்திரை வாரத்தில் 3–4 நாள் விட்டுப்போகிறது, வீட்டில் நோயாளியைப் பராமரிக்கிறார், காலை வேளைக்கு மாற்றலாமா என்று கேட்கிறார்” என்று எழுதியிருந்தால் அடுத்த டாக்டர் செய்ய ஒரு வேலை கிடைத்திருக்கும்.

மறுவருகையில் இலக்கு என்ன ஆனது என்பதை நான் நாலு விதமாகப் பதிவு செய்கிறேன்: செய்தார், ஓரளவு செய்தார், செய்யவில்லை, மாற்றிக்கொண்டார். கடைசியது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் பரீட்சை மார்க் மாதிரி ஆகிவிடும். இலக்கு அவருடையது என்றால் அதைக் கைவிடவும் அவருக்கு உரிமை இருக்க வேண்டும். ஏன் கைவிட்டார் என்று ஒரு வரி போதும்.

சீனியர் சொன்னதைப் பற்றி: டாக்டர் சொன்ன அறிவுரையை எழுதத்தான் வேண்டும். “இன்சுலின் பரிந்துரைத்தேன், பயனும் தாமதித்தால் வரும் கெடுதலும் விளக்கினேன், இப்போது வேண்டாம் என்கிறார், காரணம் இது, மறுபடி பேசும் தேதி இது.” வெறுமனே “ஆலோசனை வழங்கப்பட்டது” என்பதைவிட இது டாக்டருக்கும் நல்ல பாதுகாப்பு. நோயாளியின் விருப்பத்தை எழுதுவதால் டாக்டரின் பரிந்துரை அழிந்துவிடாது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதினால்தான் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் போகும்.

மாலை டூட்டி

ஸ்டாஃப் நர்ஸ் நான். எங்கள் ஓ.பி.யில் பிரஷர் பார்த்து, விரலில் குத்தி சர்க்கரை பார்க்கிற இடத்தில் இந்தப் பேச்சில் பாதியை நாங்கள் முடித்துவிடுகிறோம். டாக்டரிடம் போகும்போது ஒரு வரி எழுதியிருக்கும். நேரம் இல்லை என்பவர்களுக்கு இதுதான் நான் சொல்லக்கூடிய வழி.

ஆனால் அந்த 0–10 விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பள்ளிக்கூடம் போகாத வயசான அம்மாக்களிடம் கேட்டால் பத்து என்றுதான் சொல்வார்கள். நமக்கு மரியாதை கொடுத்துச் சொல்கிற பத்து அது. அதை நோட்டில் 10/10 என்று எழுதினால் பொய்க் கணக்கு. நான் அந்த எண்ணைக் கேட்பதே இல்லை. “இது எந்த நாள்ல நடக்காதுன்னு நினைக்கிறீங்க?” என்று கேட்பேன். “சந்தை நாள்”, “பேரன் வர்ற அன்னிக்கு” என்று உடனே பதில் வரும். அந்தப் பதிலைத்தான் எழுதுகிறேன்.

பழைய ஸ்டெத்

அது நல்ல கேள்வி, எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் எண்ணை முழுதாக விட எனக்கு மனமில்லை. 4 சொன்னவர் அடுத்த தடவை 6 சொன்னால் அந்த நகர்வு தெரிகிறது. யாரிடம் எண் செல்லுபடியாகும், யாரிடம் ஆகாது என்று பார்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பனையோலை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் அரச கிளினிக்கில் கொப்பி நோயாளியின் கையில்தான் இருக்கும். எனக்கு எண்ணைவிடப் பெரிய கவலை அந்தக் கொப்பியை யார் யார் வாசிக்கிறார்கள் என்பது. சீனி குறைக்கிறேன் என்று எழுதினால் பிரச்சினை இல்லை. குடியைக் குறைக்கிறேன் என்று ஒருவர் தனியே சொன்னதை அதில் எழுதலாமா? மகள் கூட்டிக்கொண்டு வருவார், வழியில் கொப்பியைத் திறந்து பார்ப்பார். ஒருமுறை எழுதியது தெரியவந்து வீட்டில் சண்டையாகி, அந்த ஐயா கிளினிக்குக்கு வருவதையே நிறுத்திவிட்டார். குடியைப் பற்றிய இலக்கை நீங்கள் எங்கே எழுதுகிறீர்கள்?

மாலை டூட்டி

நாங்கள் அதை நோட்டில் எழுதுவதில்லை. எங்களிடம் இருக்கிற பதிவேட்டில் எழுதிவிட்டு, நோட்டில் “பேசிய விஷயம் பதிவேட்டில்” என்று மட்டும் போடுவோம். ஆனால் அவர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே இருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. கல்லீரல் கெட்டுப்போய் அவசரத்துக்குச் சேர்க்கிற நாளில் அந்தத் தகவல் வேண்டும். இதற்கு ஒழுங்கான வழி எனக்கும் தெரியவில்லை.

ராஜபாட்டை

நோட்டில் எழுதாமல் விடுவதை நான் ஏற்க மாட்டேன். மருந்தோடு மோதக்கூடிய தகவல் எல்லா டாக்டருக்கும் தெரிய வேண்டும். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் தினமும் குடிக்கிறார் என்றால் அது ரகசியம் கிடையாது, பாதுகாப்பு விஷயம்.

பனையோலை

பாதுகாப்பு விஷயம்தான். ஆனால் எழுதியதால் அவர் வராமல் போனால் அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறதே டொக்டர்.

பழைய ஸ்டெத்

இதில் நோயாளியிடமே கேட்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. “இது மத்த டாக்டருக்குத் தெரிஞ்சா உங்களுக்கு நல்லது. நோட்டுல எழுதட்டுமா, எங்ககிட்ட மட்டும் இருக்கட்டுமா?” பலர் எழுதச் சொல்கிறார்கள். வேண்டாம் என்றால் பதிவேட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

குடி என்றதும் ஒரு எச்சரிக்கை. நோயாளி தேர்ந்தெடுத்த இலக்கு என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே எழுதிக் கைகுலுக்கி அனுப்பக் கூடாது. தினமும் நிறையக் குடிக்கிறவர், காலையில் கை நடுங்கினால் ஒரு மடக்குக் குடித்தால்தான் நிற்கும் என்கிறவர், “நாளையிலிருந்து சுத்தமா நிறுத்திடறேன்” என்பார். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் இப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நாலாம் நாளுக்குள் குழப்பமும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அங்கே அவர் முடிவை மதித்து, “நிறுத்தணும்னு முடிவு பண்ணிட்டீங்க. அதைப் பாதுகாப்பா செய்யறதுக்கு மருந்து இருக்கு, சொல்லட்டுமா?” என்று நம் பங்கைச் சேர்க்க வேண்டும். முன்பு நிறுத்தியபோது என்ன ஆனது என்று கேட்டு, தயாமினும் நடுக்கத்துக்கான மருந்தும் கொடுத்தோ, அட்மிஷனுக்கு அனுப்பியோ, அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

நெஞ்சுவலியோடு 200/120 பிரஷரில் வந்தவரிடம் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

கரிசல்காடு

சார், அந்த இட்லிக் கடை அம்மா மறுபடி வந்தார்களா? மறுவருகையில் எப்படி ஆரம்பிப்பது என்பதில்தான் நான் தடுமாறுகிறேன். நேராக “செஞ்சீங்களா?” என்று கேட்டால் வாத்தியார் வீட்டுப்பாடம் கேட்பது போல இருக்கிறது.

பழைய ஸ்டெத்

வந்தார். நோட்டில் இருந்த அவர் வரியை வாசித்துத்தான் ஆரம்பித்தேன். “போன தடவை, கடையில நிக்கணும்னா கால் வேணும்னு சொன்னீங்க. தனி டம்ளர் வெச்சுப் பாக்கறதா இருந்தீங்க. அப்புறம் என்ன ஆச்சு?” “செஞ்சீங்களா?” என்றால் ஆமாம், இல்லை என்று இரண்டே பதில். “என்ன ஆச்சு?” என்றால் கதை வரும்.

டீ பாதி நாள் நடந்திருக்கிறது. திருவிழா வாரத்தில் விட்டுப்போயிற்று. ஆனால் நாங்கள் பேசாத இன்னொன்றை அவரே செய்திருந்தார். பதினொரு மணிக்குக் கடை முடிந்ததும் மிச்ச இட்லியை நின்றபடியே நாலைந்து சாப்பிடுகிற பழக்கம் இருந்ததாம். அதை நிறுத்திவிட்டார். “அதுதான் எனக்கு ஈசியா இருந்துச்சு” என்றார்.

நான் பாராட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருந்தால் ஆபத்தை விட்டிருப்பேன். காலையில் கிளிமிபிரைடு போடுகிறவர் நடுப்பகல் உணவைக் குறைத்தால் என்ன ஆகும்? “பன்னெண்டு மணிக்கு மேல எப்படி இருக்கு?” என்று கேட்டேன். படபடப்பும் வேர்வையும் வருகிறது, வெயில் என்று நினைத்தேன் என்றார். பக்கத்து வீட்டு மெஷினில் ஒருநாள் பார்த்தபோது 64 இருந்திருக்கிறது. மாத்திரையை 1 மி.கி. ஆக்கினேன். படபடப்பு வந்தால் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவும், மறுபடி வந்தால் உடனே வரவும் சொன்னேன். அன்றைய குறிப்பு:

“இலக்கை மாற்றிக்கொண்டார். டீ: ஓரளவு, திருவிழா வாரம் இல்லை. புதிதாகத் தானே தொடங்கியது: 11 மணி இட்லி நிறுத்தம், தொடர விரும்புகிறார். இதனால் நண்பகலில் தாழ்சர்க்கரை அறிகுறி, ஒருமுறை 64. கிளிமிபிரைடு 2-லிருந்து 1 மி.கி. அடுத்த முறை நண்பகல் அறிகுறியைக் கேட்க வேண்டும்.”

பழக்கத்தில் வருகிற மாற்றம் மருந்தின் அளவைத் தொடுகிறது. உணவைப் பற்றிய இலக்கு நோட்டில் இல்லாமல் இருந்து, அந்தப் படபடப்பை இன்னொரு டாக்டர் பார்த்திருந்தால் இ.சி.ஜி., தைராய்டு என்று போயிருப்பார்.

ராஜபாட்டை

இதை ஒப்புக்கொள்கிறேன். கிளிமிபிரைடு, இன்சுலின் போடுகிறவர்களிடம் உணவு இலக்கைக் கட்டாயம் எழுத வேண்டும். எண் இல்லாத இலக்குகள் மீது எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. எங்கள் கிளினிக்கில் கம்ப்யூட்டர் குறிப்புதான். அதில் இலக்குக்கென்று ஒரு பெட்டி வைத்தோம். இப்போது பார்த்தால் எல்லோருக்கும் நிரம்பியிருக்கிறது, ஆனால் உயிர் இல்லை.

மாலை டூட்டி

போன தடவைக் குறிப்பை அப்படியே இழுத்து ஒட்டுவதால் வருவது அது டாக்டர். இரண்டு விஷயத்தைப் பாருங்கள். மூன்று வருகையாக நம்பிக்கை எண் மாறாமல் அதே 7 இருந்தால் யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். இலக்கு வரியில் தடை என்று எதுவும் இல்லாவிட்டால் அது நோயாளி சொன்னதாக இருக்காது. வீட்டு நிலவரம் தெரிந்தவர்தான் தடையைச் சொல்வார்.

பழைய ஸ்டெத்

இன்னொரு அடையாளம், எல்லா நோயாளிக்கும் இலக்கு “தினம் 30 நிமிடம் நடை” என்று இருப்பது. அது டாக்டரின் இலக்கு, நோயாளியின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது.

கரிசல்காடு, உங்கள் பேச்சு அறிவுரையாக மாறுகிறதா என்று பார்க்க ஒரு வழி. ஒரு நாளில் ஒரே ஒரு நோயாளியிடம் பேசும்போது, எத்தனை கேள்வி கேட்டீர்கள், எத்தனை தடவை அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னீர்கள் என்று நினைவில் வையுங்கள். இந்த முறையில் தேர்ந்தவர்களிடம் ஒரு கேள்விக்கு இரண்டு திருப்பிச் சொல்லல் எதிர்பார்ப்பார்கள். ஒன்றுக்கு ஒன்று வந்தாலே ஆரம்பத்துக்குப் போதும். நம் ஓ.பி.யில் வழக்கமாகக் கேள்வி மட்டும்தான் இருக்கும். கேள்வியை அடுக்கினால் விசாரணை மாதிரி ஆகிவிடும், அவரும் சரி சரி என்று முடித்துக்கொள்வார்.

சங்குப்பூ

இப்படி ஒருவர் கேட்டிருந்தால் மாத்திரையைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று நானே கேட்டிருப்பேன். அந்தப் பழைய வரியை ஃபைலிலிருந்து எடுக்கச் சொல்லலாமா?

பழைய ஸ்டெத்

எழுதியதை அழிக்க மாட்டார்கள், அழிக்கவும் கூடாது. ஆனால் அதற்குக் கீழே உங்கள் தரப்பைச் சேர்த்து எழுதச் சொல்லலாம். அடுத்த வருகையில் மாமியார் உடல்நிலை, இரவு மாத்திரை, நீங்கள் கேட்கும் மாற்றம், மூன்றையும் சொல்லி, “இதை எழுதிக்கங்க” என்று கேளுங்கள். எந்த மாத்திரையைக் காலைக்கு மாற்றலாம் என்பது மருந்தைப் பொறுத்தது, அவர்களிடமே கேளுங்கள்.

கரிசல்காடு

எல்லோருக்கும் நன்றி. நாளை முதல் எல்லோருக்கும் செய்ய முடியாது. தினமும் மறுவருகைக்கு வருகிற ஒரு சிலரிடம் மட்டும் ஆரம்பிக்கிறேன், மாலை டூட்டி அக்கா சொன்ன “எந்த நாள்ல நடக்காது” கேள்வியோடு. சீனியரிடம் இரண்டு தனிப் பத்திகளாக எழுதிக் காட்டுகிறேன்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. எங்கள் நோயாளிகளில் பலருக்கு 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே போய்விடுகிறது. அவர்கள் ஓ.பி.க்கு வருவது அபூர்வம். வீட்டுக்குப் போகிற தன்னார்வலர் அதே ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரர். அவரிடம் இந்த இலக்கைச் சொல்லி, “டீ எப்படிப் போகுது?” என்று கேட்கச் சொல்லலாமா? தொடர்ச்சி கிடைக்கும். ஆனால் பனையோலை சொன்ன பிரச்சினை இங்கே இன்னும் பெரிதாகிறது.

மாலை டூட்டி

டீ, உப்பு, மாத்திரை நேரம் என்றால் நோயாளியிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம், எங்கள் பகுதியில் சிலருக்கு அப்படித்தான் செய்கிறோம். குடி, புகையிலை, வீட்டுச் சண்டை சம்பந்தப்பட்டதைச் சொல்வதில்லை. அதற்கு அவர்களைப் போனில் கூப்பிட்டு நாங்களே பேசுகிறோம். போனை எடுப்பது பாதிப் பேர்தான்.

பனையோலை

அந்தப் போன் பேச்சை எங்கே பதிகிறீர்கள், அக்கா? கொப்பி அவர்களின் வீட்டில் அல்லவா இருக்கிறது?

மாலை டூட்டி

பதிவேட்டில்தான். அடுத்து அவர்கள் வரும்போது நோட்டில் ஏற்ற வேண்டும் என்று பென்சிலால் குறித்து வைப்பேன். நான் லீவில் இருக்கிற நாளில் அவர்கள் வந்தால் அது விட்டுப்போகிறது. இதற்கு யாராவது நல்ல வழி வைத்திருந்தால் எழுதுங்கள்.